கோயில் திருப்பணிக் காசும் மருமகனின் ஓட்டோவும்: கலந்த கணக்கிலிருந்து எதை மீட்கலாம்

கேள்வி: ஹட்டன் பக்கத் தோட்டம். கும்பாபிஷேகத்துக்குச் சேர்த்த 12 இலட்சத்தைப் பொருளாளர் தன் சொந்தக் கணக்கில் போட்டுத் தன் காசோடு கலந்துவிட்டார். அதிலிருந்து ஓட்டோ வாங்கி மருமகனுக்குக் கொடுத்துவிட்டார், ஹார்ட்வெயார் கடைக் கடனை அடைத்தார், லயத்தில் ஒரு அறை கட்டினார். வங்கிப் புத்தகத்தைக் கமிட்டியில் காட்டினார், படம் எடுத்து வைத்திருக்கிறோம். அவர் கையில் இப்போது பெரிதாக ஒன்றும் இல்லை. மருமகனிடமும் கடைக்காரரிடமும் கேட்க முடியுமா?

பதில்:

மருமகனிடம் கேட்கலாம். அங்கேதான் உங்கள் நிலை பலமாக இருக்கிறது. கடைக்காரரிடம் பெரும்பாலும் முடியாது. லயத்து அறையிலிருந்து ஒன்றும் வராது. கணக்கில் இப்போது கிடக்கும் காசில் ஒரு சிறு பங்குதான் உங்களுடையது. ஏன் இப்படி ஆளுக்கு ஆள் மாறுகிறது என்பதை அந்த வங்கிப் புத்தகத்தை வைத்தே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பொருளாளர் உங்களுக்குக் கடன்காரர் என்று வழக்குப் போட்டால், கையில் ஒன்றும் இல்லாத மனிதருக்கு எதிராக ஒரு தீர்ப்புக் கிடைக்கும், அவ்வளவுதான். அவருக்குக் கடன் கொடுத்த மற்றவர்களோடு நீங்களும் வரிசையில் நிற்க வேண்டும். அந்தக் காசு நம்பிக்கைப் பொறுப்பில், அதாவது டிரஸ்டாக, இருந்த காசு, அது இப்போது ஓட்டோவாக உருமாறி நிற்கிறது என்று காட்டினால் கதை வேறு. ஓட்டோ கோயிலுடையது என்று கேட்கிறீர்கள். அதில் அவருக்குக் கடன் கொடுத்த மற்றவர்களுக்குப் பங்கு இல்லை.

இதற்குச் சட்ட அடிப்படை 1917 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புகள் கட்டளைச் சட்டம். நம்பிக்கைச் சொத்து மூன்றாம் ஆளின் கைக்குப் போனாலும், வேறு பொருளாக மாறினாலும் அதைத் தொடர்ந்து சென்று உரிமை கோரலாம் என்று அதுவே சொல்கிறது. கலந்த கணக்கில் ரூபாவுக்கு ரூபா எப்படிக் கணக்குப் பார்ப்பது போன்ற நுணுக்கங்களை அது முழுவதும் சொல்லவில்லை. அந்த இடைவெளியை 2 ஆம் பிரிவு நிரப்புகிறது: சட்டத்தில் ஏற்பாடு இல்லாத விடயங்களுக்கு இங்கிலாந்து உயர் நீதிமன்றத்தில் அந்தந்தக் காலத்தில் நடைமுறையில் உள்ள ஒப்புரவு எனப்படும் நியாயச் சட்டக் கோட்பாடுகள் பொருந்தும். அதனால்தான் மலையகத்துக் கோயில் கணக்குக்கு லண்டன் தீர்ப்புகளை எடுத்துப் பேச வேண்டியிருக்கிறது.

"எங்களிடம் டிரஸ்ட் உறுதி எதுவும் இல்லையே" என்று பலர் இங்கேயே பின்வாங்குவார்கள். தேவையில்லை. அறக்கட்டளைச் சொத்து என்று சொல்லப்படும் ஒன்றில், முறையாக எழுதி அமைத்த சான்று இல்லாவிட்டாலும் சூழ்நிலைகளைப் பார்த்து நம்பிக்கைப் பொறுப்பு இருக்கிறது என்று நீதிமன்றம் கொள்ளலாம் என்று 107 ஆம் பிரிவு சொல்கிறது. திருப்பணி என்று அச்சடித்த பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் அடிக்கட்டைகள், செக்ரோலில் கோயிலுக்கென்று கழித்த பட்டியல், கூட்டக் குறிப்பேட்டில் காசைப் பொருளாளரிடம் ஒப்படைத்த தீர்மானம், கையெழுத்துகள் ஆகியவைதான் உங்கள் உறுதி. இன்றைக்கே அவற்றை ஒரே இடத்தில் சேர்த்துப் பூட்டி வையுங்கள்.

இனி வங்கிப் புத்தகம். நீங்கள் சொன்ன செலவுகளை வைத்து, உதாரணத் தொகைகளோடு ஒரு கணக்குப் போடுகிறேன். உங்கள் புத்தகத்தில் உள்ள சரியான தொகைகளை இதே இடங்களில் பொருத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி: அவருடைய சீட்டுக் காசு 4 இலட்சம். மீதி 4 இலட்சம்.
பெப்ரவரி 3: கோயில் காசு 12 இலட்சம் வரவு. மீதி 16 இலட்சம்.
பெப்ரவரி 20: ஓட்டோவுக்கு 9 இலட்சம் எடுப்பு. மீதி 7 இலட்சம்.
மார்ச் 15: ஹார்ட்வெயார்க் கடைக் கடனுக்கு 5 இலட்சம். மீதி 2 இலட்சம்.
ஏப்ரல் 4: லயத்து அறைக்கு ஒன்றரை இலட்சம். மீதி 50,000.
மே 10: அவருடைய ஈ.பீ.எஃப் காசு மூன்றரை இலட்சம் வரவு. மீதி 4 இலட்சம்.

பெப்ரவரி 20 ஆம் திகதி எடுத்த 9 இலட்சம் யாருடைய காசு? வங்கிக் கணக்கில் நோட்டுகள் தனித்தனியாகக் கிடப்பதில்லை. எனவே சட்டம் ஒரு விதியை வகுத்து முடிவு செய்கிறது. 1880 ஆம் ஆண்டின் ஹாலெட் வழக்கில் வந்த முதல் விதி: டிரஸ்டுக் காசை வைத்திருக்கும் பொறுப்பாளர் நேர்மையாக நடந்தார் என்று கொள், செலவழிக்க உரிமையுள்ள தன் காசைத்தான் முதலில் எடுத்தார் என்று கொள். கோயில் காசைக் கணக்கில் காப்பாற்றுவதற்காக வந்த விதி அது. உங்கள் விடயத்தில் அதை அப்படியே போட்டால் கேடு. ஓட்டோவில் முதல் 4 இலட்சம் அவருடையது, 5 இலட்சம்தான் கோயிலுடையது என்று வந்துவிடும்.

இதைத் தடுக்கிறது 1903 ஆம் ஆண்டின் ஓட்வே வழக்கு. அங்கே பொறுப்பாளர் கலந்த கணக்கிலிருந்து 2,137 பவுணுக்குப் பங்குகள் வாங்கினார். அப்போது கணக்கில் போதிய காசு இருந்தது. பிறகு மிச்சத்தை எல்லாம் கரைத்துவிட்டார். பங்குகளைத் தன் காசில் வாங்கினார், கரைந்தது டிரஸ்டுக் காசு என்று வாதிட்டார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. கரைந்துபோனதை டிரஸ்டின் தலையில் கட்டிவிட்டு நிற்கும் சொத்தைத் தனதென்று அவர் சொல்ல முடியாது. ஆகவே உங்கள் பக்கம் எடுக்க வேண்டிய நிலைப்பாடு: ஓட்டோவுக்குப் போன 9 இலட்சமும் கோயில் காசு.

இதற்கு ஓர் எல்லை உண்டு. கோயிலுக்கு வரவேண்டிய தொகை முழுவதும் இன்னும் கணக்கிலேயே பத்திரமாக இருந்தால், அதை விட்டுவிட்டு இலாபமான பொருளைத்தான் எடுப்பேன் என்று பொறுக்க விடாத தீர்ப்பும் உண்டு. உங்கள் விடயத்தில் காசு கரைந்துவிட்டதால் அது தடையாகாது.

அடுத்த வரிகளை இதே நூலில் கோர்ப்போம். ஓட்டோவுக்குப் பிறகு மீதி 7 இலட்சத்தில் கோயிலுடையது 3 இலட்சம், அவருடையது 4 இலட்சம். மார்ச்சில் கடைக்குப் போன 5 இலட்சத்துக்கு ஹாலெட் விதி: அவருடைய 4 இலட்சமும் முதலில் போனது, கோயில் காசில் ஓர் இலட்சம் சேர்ந்து போனது. மீதி 2 இலட்சம் முழுவதும் கோயிலுடையது. ஏப்ரலில் அறைக்குப் போன ஒன்றரை இலட்சமும் அதிலிருந்தே. கடைசியில் நின்ற 50,000 கோயிலுடையது.

இப்போது பலர் தவறும் இடம். மே மாதம் ஈ.பீ.எஃப் காசு விழுந்து மீதி 4 இலட்சமானது. அதைப் பார்த்து "கணக்கில் 4 இலட்சம் இருக்கிறது, அதையும் கோயிலுக்கு எழுதுங்கள்" என்று கேட்பார்கள். முடியாது. 1915 ஆம் ஆண்டின் ரொஸ்கோ எதிர் விண்டர் வழக்கில் 455 பவுண் டிரஸ்டுக் காசு கணக்கில் போனது. இடையில் மீதி 25 பவுண் 18 ஷில்லிங்குக்கு இறங்கியது. பிறகு வேறு காசு வந்து மீதி ஏறியது. கோர முடிந்தது அந்த 25 பவுண் 18 ஷில்லிங்கை மட்டும். காரணம் எளிது: மீதி இறங்கிய நாளில் கோயில் காசு வெளியே போய்விட்டது. பிறகு விழுந்தது அவர் தோட்டத்தில் உழைத்துச் சேர்த்த காசு, கோயில் காசு திரும்பி வந்ததாகாது. "கோயில் காசைத் திருப்பி வைக்கிறேன்" என்று அவர் வெளிப்படையாகக் காட்டிப் போட்டிருந்தால் மட்டும் வேறு பேச்சு.

ஆகவே வங்கியிலிருந்து எடுக்க வேண்டியது மாதக் கடைசி மீதி காட்டும் சுருக்கம் அல்ல, ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் திகதியோடு காட்டும் முழுக் கூற்று. நடு மாதத்தில் ஒரே ஒரு நாள் மீதி 2,000 ரூபாவாக இறங்கியிருந்தால், கணக்கில் உங்கள் உரிமை அந்த 2,000 ரூபாதான். புத்தகப் படத்தில் ஒரு பக்கம் விடுபட்டிருந்தாலும் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்தப் பக்கத்தைத்தான் பிடிப்பார். அவருடைய சொந்தக் கணக்கு என்பதால் வங்கி உங்களுக்குத் தராது. வழக்கு நடக்கும்போது நீதிமன்ற அழைப்பாணை மூலம் சான்றுப்படுத்திய பிரதி வரவழைக்க வேண்டும்.

வேறொரு கலவையும் தோட்டங்களில் அடிக்கடி நடக்கும். ஒரே ஆள் கோயிலுக்கும் மரணாதாரச் சங்கத்துக்கும் பொருளாளர், இரண்டு காசும் ஒரே கணக்கில். அப்போது சண்டை இரண்டு அப்பாவித் தரப்புகளுக்கு இடையில். முதலில் வந்தது முதலில் போனது என்ற 1816 ஆம் ஆண்டின் பழைய கிளேட்டன் விதி அங்கே தலைகாட்டும். அது அநியாயமாக முடியும்போது நீதிமன்றங்கள் அதை விட்டுவிட்டு, போட்ட தொகையின் விகிதப்படி இழப்பைப் பகிர்கின்றன. சங்கக் காசும் கலந்திருந்தால் அவர்களோடு மோதாதீர்கள், சேர்ந்து வழக்குப் போடுங்கள்.

இனி ஆட்கள். மருமகன் காசு கொடுக்கவில்லை, மாமனார் கொடுத்தார், வாங்கிக்கொண்டார். கோயில் காசென்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. விலை கொடுக்காமல் பெற்றவர், தெரியாமல் பெற்றிருந்தாலும், கையில் இருக்கும் பொருளை டிரஸ்டுக்கு எதிராக வைத்துக்கொள்ள முடியாது. தெரிந்தே பெற்றார் என்றால் கூடுதலாக ஒன்று வரும்: ஓட்டோவை விற்றுத் தின்றுவிட்டாலும் அதன் பெறுமதிக்கு அவரே பொறுப்பு. தெரியாமல் பெற்று, தெரியாமலே செலவழித்து முடித்தவரிடம் சொத்துரிமையாகக் கேட்க எதுவும் மிஞ்சாது.

ஓட்டோவின் இன்றைய விலை 9 இலட்சத்தைவிடக் கூடியிருந்தால் என்ன? 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய வண்டிகளுக்கும் விலை ஏறியதைப் பார்த்தோம். முழு விலையும் கோயில் காசு என்றால் ஏற்றமும் கோயிலுக்கு. இதை உறுதி செய்தது 2000 ஆம் ஆண்டின் ஃபொஸ்கெட் எதிர் மக்கியோன் தீர்ப்பு. ஒருவர் மற்றவர்களின் டிரஸ்டுக் காசில் தன் ஆயுள் காப்புறுதியின் சில தவணைகளைக் கட்டினார். இறந்ததும் 10 இலட்சம் பவுண் வந்தது. அது சேரவிருந்த பிள்ளைகள் எந்தத் தவறும் செய்யாதவர்கள், ஆனால் விலை கொடுத்துப் பெற்றவர்களும் அல்லர். கட்டிய தவணைக் காசை மட்டும் திருப்பிக் கொடுத்தால் போதும் என்ற வாதத்தைப் பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் தள்ளியது. தவணைகளில் டிரஸ்டுக் காசு எவ்வளவோ, அந்த விகிதத்தில் காப்புறுதித் தொகையிலும் பங்கு என்றது.

மருமகனும் தன் காசைப் போட்டிருந்தால் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். வண்டி 12 இலட்சம், அதில் 3 இலட்சம் அவர் நேர்மையாகப் போட்டது என்றால், கோயிலுக்கு நான்கில் மூன்று, அவருக்கு நான்கில் ஒன்று. விலை ஏறினாலும் இறங்கினாலும் அதே விகிதம். தவறு செய்த பொறுப்பாளரைப் போல அவரைப் பின்னால் தள்ளி உங்கள் 9 இலட்சத்தை முதலில் எடுக்க முடியாது. சந்தேகத்துக்கு இடமான பொறுப்பாளருக்கும் அப்பாவியாகப் பெற்றவருக்கும் இடையில் ஒப்புரவு வைக்கும் வித்தியாசம் இதுதான். எனக்கு இந்தச் சட்டத்தில் மிகப் பிடித்த பகுதியும் இதுவே.

மருமகன் வண்டியை முன்பின் தெரியாத ஒருவருக்கு நியாய விலைக்கு விற்றுவிட்டால், அந்த ஆள் கோயில் விவகாரம் அறியாமல் விலை கொடுத்தவர். வண்டி அவருக்கே. நீங்கள் மருமகன் வாங்கிய விற்பனைக் காசுக்குத் திரும்ப வேண்டும். அதனால் வேகம் முக்கியம். வண்டியின் சி.ஆர் புத்தகத்தில் யார் பெயர் என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இப்போதே பாருங்கள். நம் பக்கம் பல ஓட்டோக்கள் பெயர் மாற்றாமல் கையெழுத்திட்ட படிவத்தோடு மட்டும் கைமாறுகின்றன. பதிவில் மாமனார் பெயர் இருக்க, வண்டி மருமகனிடம் இருக்கலாம். லீசிங் கம்பனியின் பெயர் முழு உரிமையாளராகப் பதிந்திருந்தால், அவர்கள் கடன் போக மிஞ்சுவதில்தான் உங்கள் கை எட்டும்.

கடைக்காரருக்குப் போன கோயில் காசு, மேலே பார்த்தபடி, ஓர் இலட்சம். அவர் தனக்கு வரவேண்டிய கடனைத்தான் வாங்கினார். பழைய கடனை அடைப்பதும் விலை கொடுத்ததாகவே கொள்ளப்படும். யாருடைய காசென்று தெரியாமல் வாங்கியிருந்தால் அவரைத் தொட முடியாது. அவரே திருப்பணிச் சபையில் இருந்தவரா, காசு பொருளாளர் கணக்கில் கிடப்பதை அறிந்தவரா, அந்த மனிதருக்கு வேறு வழியில் 5 இலட்சம் வராது என்று தெரிந்தவரா என்று பாருங்கள். அப்படியென்றால் அது கோயில் காசென்று அவருக்குத் தெரிந்திருந்தது என்று வாதிடலாம். இல்லாவிட்டால் ஓர் இலட்சத்துக்காக அவரை வழக்கில் இழுக்காதீர்கள், செலவுத் தொகை உங்கள் தலையில் விழும்.

லயத்து அறை பற்றி வருத்தத்தோடுதான் சொல்ல வேண்டும். தோட்டக் காணி அரசுடையது, 1992 இலிருந்து பெரும்பாலும் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கையில் இருக்கிறது. குடியிருப்பவருக்கு லயத்தில் விற்கக்கூடிய உரிமை இல்லையென்றால், அங்கே கட்டிய சுவரும் தகரமும் பொருளாளரின் சொத்து ஆகாது. இன்னொருவர் மண்ணோடு ஒட்டிப்போனதைப் பிரித்தெடுக்க முடியாது. 1948 ஆம் ஆண்டின் டிப்லொக் வழக்கிலும், தவறாகக் கிடைத்த காசை அப்பாவி நிறுவனங்கள் தங்கள் கட்டடத் திருத்தத்தில் போட்டபோது, அதைத் தடம் பிடிப்பது சரிவராது என்றே நீதிமன்றம் சொன்னது. அந்த ஒன்றரை இலட்சம் பொருளாளர் மீதான தனிப்பட்ட கோரிக்கையாக மட்டும் நிற்கும்.

கூட்டிப் பார்த்தால்: ஓட்டோ வழியாக 9 இலட்சம் அல்லது அதன் இன்றைய பெறுமதி, கணக்கில் 50,000. மிச்ச இரண்டரை இலட்சத்துக்குப் பொருளாளர் மீது சாதாரணக் கோரிக்கை.

வழக்கை யார் போடுவது என்பதில் கவனம் வேண்டும். கமிட்டியில் மற்றப் பொறுப்பாளர்கள் செயற்படத் தயாராக இருந்தால் அவர்கள் பெயரில் மாவட்ட நீதிமன்றத்தில் போவது நேர்வழி. கமிட்டியே அசையவில்லை என்றால், சமய நம்பிக்கைப் பொறுப்பில் அக்கறையுள்ள ஐந்து பேர் 102 ஆம் பிரிவின் கீழ் போகலாம். அதற்கு முன் அரசாங்க அதிபருக்கு மனுக் கொடுத்து, ஆணையாளர் விசாரணை நடந்து, சான்றிதழ் கிடைத்திருக்க வேண்டும். சான்றிதழ் இல்லாமல் போட்ட வழக்கு உள்ளேயே போகாது. உங்கள் வழக்கு எந்த வழியில் விழுகிறது என்பதைச் சட்டத்தரணியோடு முதல் சந்திப்பிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். வழக்கோடு, ஓட்டோவை விற்கவோ பெயர் மாற்றவோ கூடாதென்று இடைக்காலத் தடையுத்தரவும், கணக்கில் அந்த 50,000 ரூபாவை எடுக்கக்கூடாதென்று ஓர் உத்தரவும் கேளுங்கள். பொலிஸில் நம்பிக்கை மோசடி முறைப்பாடு செய்வது உங்கள் விருப்பம், அது தனிப் பாதை. அவருக்குத் தண்டனை கிடைத்தாலும் ஓட்டோ யாருடையது என்பதை மாவட்ட நீதிமன்றத்தில்தான் நிலைநாட்ட வேண்டும்.

காலாவதி பற்றிப் பதற வேண்டாம். அறக்கட்டளைக்காகச் சொத்தை மீட்கும் கோரிக்கையைக் காலாவதிச் சட்டம் தடுக்காது என்று 111 ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் சான்று காத்திருக்காது. 2006 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நிதிக் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டம் வங்கிகள் பதிவுகளை ஆறு ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. அதற்குப் பிறகு இடைப்பட்ட மீதியைக் காட்டும் ஆவணம் கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது.

இன்னொன்று, இதைத்தான் தோட்டங்களில் அதிகம் கெடுத்துக்கொள்கிறார்கள். சமாதானம் பேசும்போது தலைவர் ஒரு தாளை நீட்டுவார்: "கோயிலிலிருந்து 12 இலட்சம் கடனாகப் பெற்றுக்கொண்டேன், மாதம் 20,000 வீதம் தருவேன்." அதில் கமிட்டி கையெழுத்து வைத்தால், டிரஸ்டுக் காசைக் கடனாக மாற்றிவிட்டீர்கள் என்று பொருளாளர் பக்கம் வாதிடும். ஓட்டோவின் மேல் இருந்த பிடி தளர்ந்துவிடும். 20,000 வீதம் 12 இலட்சம் கட்டி முடிய 60 மாதம். அதற்குள் வண்டி எங்கே இருக்குமோ. தவணைக்குச் சம்மதிப்பதானால் இப்படி எழுதுங்கள்:

"நான் கோயில் திருப்பணிக்காக நம்பிக்கைப் பொறுப்பாக வைத்திருந்த 12 இலட்சம் ரூபாவில் 9 இலட்சம் ரூபாவைக் கொண்டு இன்ன இலக்க முச்சக்கர வண்டியை வாங்கினேன் என்று ஒப்புக்கொள்கிறேன். முழுத்தொகையும் திரும்பக் கிடைக்கும் வரை அந்த வண்டியின் மேல் கோயிலுக்கு உள்ள எந்த உரிமையையும் கமிட்டி விட்டுக்கொடுக்கவில்லை."

மருமகனும் அதில் கையெழுத்திட வேண்டும். மறுத்தால், அன்றைக்கே சட்டத்தரணி மூலம் அவருக்குப் பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். கடிதம் கிடைத்த நாளிலிருந்து அவர் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது. அதற்குப் பிறகு வண்டியை விற்றால் அந்தக் காசுக்கும் அவரே பதில் சொல்ல வேண்டும். பதிவுத் தபால் பற்றுச்சீட்டைப் பற்றுச்சீட்டு அடிக்கட்டைகளோடு சேர்த்து வையுங்கள்.